மாக்கப்புக்கு அப்ரூவல் கேட்டு கிளையன்ட்டுக்கு மெயில் எழுதுவது: ஒரு சத்துமாவுப் பையை வைத்து முழுமையான வழிகாட்டி

டிசைன் மாக்கப்பை, அதாவது முடிந்த பொருள் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தை, இணைத்து, "பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் என்ன பதில் வரும் என்பது டிசைனர்களுக்குத் தெரியும். ஒன்று, பத்து நாள் மௌனம். இல்லையென்றால், "நல்லா இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்." இரண்டையும் வைத்து வேலையை ஒரு அடி நகர்த்த முடியாது. இதில் கிளையன்ட் மேல் தப்பில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டோம், எப்படி இருக்கிறது என்று சொன்னார். என்ன முடிவு வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லையே.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுப் பக்கம் சிறு அளவில் சத்துமாவு தயாரித்து விற்கும் ஒரு அம்மா. கணக்கு வழக்கை அவருடைய தம்பி பார்க்கிறார். 500 கிராம் மாவுக்கு ஸ்டாண்ட்-அப் பை, முன்பக்க டிசைன் மூன்றாவது சுற்றில் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் பை கைக்கு வர வேண்டும். அச்சு கிராவியர் முறையில், அதாவது செதுக்கிய உலோகச் சிலிண்டரால் ஃபிலிமில் அடிப்பது. பேக்கேஜிங் வேலையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். வெப்சைட்டில் ஒரு எழுத்து தப்பென்றால் மறுநாள் மாற்றிவிடலாம். கிராவியரில் பொதுவாக ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். நான்கு அடிப்படை நிறம், ஃபிலிமுக்குப் பின்னால் வெள்ளை, பிராண்டுக்கென்று ஒரு தனி நிறம் என்று போனால் ஆறு சிலிண்டர். செதுக்கிய பிறகு "அந்த வரியை மட்டும் மாத்திடலாமா" என்றால் அந்த நிறத்துச் சிலிண்டரைத் திரும்பச் செய்ய வேண்டும், காசும் திரும்பக் கட்ட வேண்டும்.

## எதற்கு அப்ரூவல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மெயில் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை இது. "டிசைன் அப்ரூவல்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வேறு சம்மதங்கள் இருக்கின்றன. முதலாவது தோற்றம்: பெயர் எங்கே, படம் எவ்வளவு பெரிது, பின்னணி என்ன. இரண்டாவது எழுத்து: சேர்மானப் பட்டியல், உரிம எண், முகவரி, எடை, எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரியா. மூன்றாவது அச்சு நிறம்: ஃபிலிமில் அடித்த பிறகு அந்தப் பச்சை அதே பச்சையாக வருகிறதா.

மூன்றையும் ஒரே மெயிலில் கேட்டால் கிளையன்ட் படத்தைப் பார்த்து "ஓகே" என்பார். அந்த ஓகே உரிம எண்ணுக்கும் சேர்த்தா என்று பிறகு சண்டை வரும். மாக்கப் என்பது தோற்றத்தைக் காட்டத்தான். பையை நிற்க வைத்து, நிழல் போட்டு, பக்கத்தில் ஒரு மண்சட்டியையும் வைத்த படத்தில் யாரும் எழுத்துப் பிழை பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது. நிறத்தையும் அதில் பார்க்க முடியாது. அவர் மொபைல் திரையில் தெரியும் பச்சை வேறு, தம்பியின் லேப்டாப்பில் தெரியும் பச்சை வேறு. நிறத்துக்கு அச்சகம் அடித்துக் காட்டும் மாதிரியில்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

ஆக, இந்த மெயில் தோற்றத்துக்கு மட்டும். அதை மெயிலிலேயே எழுதிவிடுங்கள். எழுத்துச் சரிபார்ப்புக்கும் நிறத்துக்கும் தனித்தனியாகக் கேட்போம் என்று ஒரு வரி சேர்த்தால் கிளையன்ட்டுக்கும் பயம் குறையும். "இப்போது சரி சொன்னால் எல்லாம் முடிந்துபோய்விடுமோ" என்ற தயக்கத்தில்தான் பல பதில்கள் தள்ளிப்போகின்றன.

## யாரைக் கேட்பது

முடிவெடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நம் வேலையில் அம்மாதான் முதலாளி, ஆனால் பணம் கொடுப்பது தம்பி. இருவரையும் "டூ"வில் வைத்தால் அவர் சொல்லட்டும் என்று இருவரும் சும்மா இருப்பார்கள், அல்லது இரண்டு எதிரெதிர் பதில் வரும். அம்மாவை "டூ"விலும் தம்பியை "சிசி"யிலும் வைத்து, "தம்பியிடமும் பேசிவிட்டு நீங்கள் ஒரே பதிலாக அனுப்புங்கள்" என்று எழுதுவது நல்லது. விநியோகஸ்தர், மாமா, கடைக்காரர் என்று யார் கருத்தும் வரலாம். ஆனால் அது அம்மா வழியாக வரட்டும்.

## கேள்விகள்

இந்த மெயிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிளையன்ட்டிடம் எதைக் கேட்கலாம்? அவருக்கு மட்டும் தெரிந்ததை, அல்லது அவர் மட்டும் முடிவு செய்யக்கூடியதை. எழுத்துரு எது, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் நம் வேலை. கேட்டால் அவரும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று சொல்வார், அப்புறம் அதைச் சமாளிக்க இன்னொரு சுற்று. சட்டம் சொல்வதையும் கேட்கக் கூடாது. சைவ உணவு என்பதைக் காட்டும் பச்சைச் சதுரமும் அதற்குள் பச்சை வட்டமும் போடலாமா என்பது கேள்வியே இல்லை, போட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணும் அப்படித்தான்.

ஒரு கேள்வியை எப்படி அமைப்பது என்று சத்துமாவுப் பையிலேயே பார்க்கலாம். முன்பக்கத்தில் மாவு வெளியே தெரியும்படி ஒரு கண்ணாடி ஜன்னல் வைப்பதா, அல்லது முழுக்க அச்சா என்பது முடிவாகவில்லை. "ஜன்னல் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் வரும், பார்க்க அழகாக இருக்கும் அல்லவா. ஆனால் ஜன்னல் வைத்தால் வெளிச்சம் புகாத ஃபிலிமை விட வேண்டியிருக்கும். மாவில் நிலக்கடலையும் பாதாமும் இருக்கின்றன. எண்ணெய்ச் சத்துள்ள பொருள் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் காறல் வாசனை அடிக்கும். இதைச் சொல்லாமல் கேட்டால் கேள்வி பாதிதான். ஆகவே என்ன இரண்டு வழி, ஒவ்வொன்றாலும் என்ன ஆகும், நாம் எதைச் சொல்கிறோம் என்ற மூன்றும் கேள்விக்குள் இருக்க வேண்டும். அப்படி எழுதினால் அவர் ஒரே எழுத்தில் பதில் சொல்லலாம்: "அ".

நம் பரிந்துரையைச் சொல்வது திணிப்பு ஆகாதா என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. காசு கொடுப்பதே அதற்கும் சேர்த்துத்தானே.

இரண்டாவது கேள்வி, பொருளின் பெயர். தமிழில் பெரிதாகவா, ஆங்கிலத்தில் பெரிதாகவா? அவர் எங்கே விற்கப் போகிறார் என்பதைப் பொறுத்த முடிவு இது, நமக்குத் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாக இருக்கலாம். கிளையன்ட் "எல்லாமே தமிழ்ல போடுங்க" என்று சொன்னால் பின்பக்கத்தில் இரண்டு மொழிக்கும் இடம் ஒதுக்க வேண்டி வரும்.

மூன்றாவது சேர்மானப் பட்டியல். எழுத்துச் சம்மதம் அடுத்த மெயிலில்தான் என்றோம், ஆனாலும் பட்டியலை இப்போதே கேட்க வேண்டும். எத்தனை பொருள் என்பதைப் பொறுத்துப் பின்பக்க இடம் மாறும் என்பது ஒரு காரணம். சத்துமாவுக்கு அது 8 பொருளாகவும் இருக்கும், 22 பொருளாகவும் இருக்கும். இன்னொரு காரணம், பட்டியல் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சாக வேண்டும். அந்த வரிசை அரைக்கும் இடத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும், கேட்டு வாங்க இரண்டு நாள் ஆகும். கோதுமை, நிலக்கடலை, பாதாம், முந்திரி, பால் பொடி, சோயா இதில் எது இருந்தாலும் ஒவ்வாமை எச்சரிக்கையில் தனியாகக் காட்ட வேண்டும். அதனால் "பட்டியல் அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதாமல் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் பாதாம், மணத்துக்குத்தான்" என்று பட்டியலில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

நான்காவது, அச்சாக வேண்டிய முகவரியும் வாடிக்கையாளர் குறை சொல்ல அழைக்க வேண்டிய எண்ணும். சொந்த மொபைல் எண்ணா, கடைக்கென்று தனி எண்ணா? ஆயிரக்கணக்கான பையில் அச்சாகப் போகிறது, யோசித்துச் சொல்லட்டும்.

இதற்கு மேல் கேள்வி வேண்டாம். ஏழெட்டு ஆகிவிட்டால் முதல் இரண்டுக்கு மட்டும் பதில் வரும். மிச்சம் இருப்பவற்றைத் திரும்பப் பாருங்கள், பாதி நீங்களே முடிவு செய்யக்கூடியவையாகத்தான் இருக்கும்.

## கெடு

"சீக்கிரம்", "முடிந்தபோது", "இந்த வாரத்துக்குள்" எதுவும் கெடு ஆகாது. கிழமை, தேதி, நேரம் மூன்றும் வேண்டும். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதையும் காட்ட வேண்டும், இல்லையென்றால் அது நம் அவசரமாகத்தான் தெரியும்.

கடைசியிலிருந்து எண்ணுங்கள். அச்சகம் சிலிண்டர், அச்சு, லேமினேஷன், பையாக ஒட்டுவது எல்லாம் சேர்த்து நான்கு வாரம் கேட்டிருக்கிறது என்று வைப்போம். டிசம்பர் 24-க்குள் பை வேண்டுமென்றால் நவம்பர் 26 வியாழன் ஃபைல் போக வேண்டும். அதற்கு முந்தைய நாள், புதன், எழுத்துச் சம்மதம். அதற்கான ஃபைலை 21 சனிக்கிழமை அனுப்பினால்தான் அவருக்குப் பார்க்க நேரம் இருக்கும். பின்பக்கம் அடுக்க நமக்கு ஒரு முழு நாள். ஆகவே தோற்றத்துக்கான பதில் நவம்பர் 19 வியாழன் மாலை 5 மணிக்கு. மெயில் 16 திங்கள் காலை போகிறது, அவர் கையில் ஏறக்குறைய நான்கு நாள். பண்டிகை, முகூர்த்த நாள் நடுவில் வருகிறதா என்று நாள்காட்டியை ஒரு தடவை பாருங்கள். கல்யாண வீட்டில் இருப்பவரிடமிருந்து பதில் வராது.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும், மிரட்டல் தொனி இல்லாமல். பதில் ஒரு நாள் தள்ளினால் பையும் தள்ளும், அச்சகத்தில் நம் முறை போய்விட்டால் ஒரு வாரம்கூட ஆகலாம், அவ்வளவுதான். "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று சிலர் எழுதுவார்கள். ஒப்பந்தத்தில் முன்பே ஒத்துக்கொண்டிருந்தால், மாற்றச் செலவில்லாத வேலையாகவும் இருந்தால் அது செல்லும். சிலிண்டர் செதுக்கும் வேலையில் மௌனத்தை நம்பிப் போகாதீர்கள்.

## இணைப்பு

இரண்டு ஃபைல். ஒன்று பை நிற்பது போன்ற மாக்கப் படம். இன்னொன்று முன்பக்கத்தின் தட்டையான பிடிஎஃப், நிஜ அளவில். 500 கிராம் பையின் முன்பக்கம் பெரும்பாலும் ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்து, வெட்டி, வீட்டில் இருக்கும் ஏதாவது பையின் மேல் ஒட்டி, நான்கு அடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். மொபைலில் பார்க்கும்போது "எழுத்து சின்னதா இருக்கே" என்று வரும் புகாரில் பெரும்பாலானவை இதிலேயே போய்விடும். பிரின்ட் எடுக்கும்போது Fit வேண்டாம், Actual size அல்லது 100% என்று சொல்ல மறக்காதீர்கள். தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிவிட்டால் அளவு பார்த்து ஒரு பயனும் இல்லை.

ஃபைல் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும்: `Sathumaavu_500g_Front_V3.pdf`. பெயரில் final என்று எப்போதும் போடாதீர்கள், final2 வரும். அதே V3 ஃபைலுக்குள்ளும் ஓரத்தில் சிறியதாக இருந்தால் பிரின்ட் எடுத்த தாளிலும் எண் தெரியும். இரண்டும் சேர்ந்து 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். அப்போது, லிங்க் இருக்கும் யாரும் திறக்கலாம் என்று அனுமதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புதன்கிழமை "ஓப்பன் ஆகல" என்று பதில் வரும், கெடுவில் பாதி போயிருக்கும்.

## மெயில்

பொருள் வரியில் என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்ற இரண்டும் முன்னால் வர வேண்டும். மொபைலில் பின்பாதி வெட்டுப்பட்டுவிடும்.

> பொருள்: நவ. 19-க்குள் பதில் தேவை: சத்துமாவு 500 கிராம் பை, முன்பக்கம் V3
>
> வணக்கம் மேடம்,
>
> சத்துமாவுப் பையின் முன்பக்க டிசைன் (V3) இணைத்திருக்கிறேன். போன வாரம் நீங்கள் சொன்னபடி பின்னணியை வெளிர் மஞ்சளாக்கி, கேழ்வரகுக் கதிர் படத்தைக் கீழே இறக்கியிருக்கிறேன்.
>
> இந்தத் தோற்றத்துக்கு உங்கள் சம்மதமும் கீழே உள்ள 4 கேள்விகளுக்குப் பதிலும் நவம்பர் 19, வியாழன் மாலை 5 மணிக்குள் வேண்டும்.
>
> 1. முன்பக்கத்தில் ஜன்னல் வேண்டுமா?
> அ) வேண்டாம், முழுக்க அச்சு. வெளிச்சம் புகாத ஃபிலிம் போடலாம், மாவு அதிக நாள் தாங்கும்.
> ஆ) வேண்டும். மாவு வெளியே தெரியும், ஆனால் வெளிச்சம் படும். கடலை, பாதாம் இருப்பதால் காறல் சீக்கிரம் வரலாம்.
> என் யோசனை: அ.
>
> 2. பெயர் எந்த மொழியில் பெரிதாக இருக்கட்டும்?
> அ) தமிழ் பெரிது, ஆங்கிலம் கீழே சிறிது (இப்போது இருப்பது).
> ஆ) ஆங்கிலம் பெரிது, தமிழ் சிறிது.
> உள்ளூர்க் கடைகளில்தான் அதிகம் விற்பீர்கள் என்றால் அ போதும். வெளிமாநிலம் போகும் திட்டம் இருந்தால் ஆ.
>
> 3. மாவில் சேரும் பொருட்களின் பட்டியல், எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக. கோதுமை, நிலக்கடலை, பாதாம், முந்திரி, பால் பொடி, சோயா இவற்றில் எது கொஞ்சம் சேர்ந்தாலும் தவறாமல் எழுதுங்கள்.
>
> 4. பையில் அச்சாக வேண்டிய முழு முகவரி, வாடிக்கையாளர் அழைக்க வேண்டிய தொலைபேசி எண், மெயில்.
>
> சம்மதம் என்றால் "V3 முன்பக்கம் சரி" என்று எழுதினால் போதும். மாற்றம் வேண்டுமென்றால் எந்த இடம், என்ன மாற்றம் என்று எழுதுங்கள், அல்லது பிரின்ட் எடுத்துப் பேனாவால் குறித்து போட்டோ அனுப்புங்கள். பிடிஎஃப்-ஐ 100% அளவில் பிரின்ட் எடுத்துப் பார்த்தால் நிஜப் பை அளவு தெரியும்.
>
> இப்போது தோற்றத்துக்கு மட்டும்தான் சம்மதம் கேட்கிறேன். எழுத்துகளைச் சரிபார்க்க 21-ஆம் தேதி தனியாக ஃபைல் வரும். நிறத்தை அச்சகத்தின் மாதிரியில் பார்ப்போம், திரையில் தெரிவது அப்படியே வராது.
>
> வியாழன் பதில் வந்தால் 26-ஆம் தேதி ஃபைல் சிலிண்டருக்குப் போகும், டிசம்பர் 24-க்குள் பை வரும். தள்ளினால் அதே அளவு பையும் தள்ளும், அச்சகத்தில் நம் முறை தவறினால் ஒரு வாரம்கூட ஆகலாம்.
>
> தம்பியை சிசியில் வைத்திருக்கிறேன். அவரிடமும் பேசிவிட்டு நீங்கள் ஒரே பதிலாக அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் புதன் காலை 10 முதல் 1 மணி வரை கூப்பிடலாம்.
>
> நன்றி.

கெடு மேலேயே வந்துவிடுகிறது, கேள்விக்குக் கீழே ஒளிந்துகொள்ளவில்லை. போன சுற்றில் அவர் கேட்ட மாற்றத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டோம். அதை எழுதாவிட்டால் அவர் அதைத் தேடிக்கொண்டே இருப்பார், நம் கேள்வி கண்ணில் படாது. டிசைன் ஏன் அழகு என்ற விளக்கம் மெயிலில் எங்கும் இல்லை, அது தேவையும் இல்லை.

## பதில் வந்த பிறகு, வராத போது

கெடுவுக்கு முந்தைய நாள், அதே மெயில் தொடரிலேயே இரண்டு வரி: "மேடம், நாளை மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும். 3-ஆவது கேள்விக்கு நேரம் ஆகும் என்றால் மற்ற மூன்றையும் முதலில் அனுப்பிவிடுங்கள்." புது மெயில் போட்டால் இணைப்பைத் தேடுவார். வியாழன் மாலையும் வரவில்லை என்றால் மெயிலை விட்டுவிட்டு போன் செய்யுங்கள்.

பெரும்பாலும் பதில் வாட்ஸ்அப்பில்தான் வரும். ஒரு கட்டைவிரல் படம், அல்லது "சூப்பர் சார்". கோபப்பட வேண்டாம், அதை மெயிலாக்கிவிடுங்கள்: "வாட்ஸ்அப்பில் V3 முன்பக்கம் சரி என்று சொன்னீர்கள். 1-க்கு அ என்றும் 2-க்கு அ என்றும் எடுத்துக்கொள்கிறேன். சரியென்றால் இதற்கு 'ஆமாம்' என்று பதில் போடுங்கள்." போனில் சொன்னாலும் இதே முறைதான். பேசி முடித்த கையோடு எழுதுங்கள், மறுநாள் இருவர் ஞாபகமும் வேறாகிவிடும்.

"கொஞ்சம் பளிச்சுன்னு" என்று வந்தால் உடனே நிறத்தை மாற்ற ஆரம்பிக்காதீர்கள். எது மங்கலாகத் தெரிகிறது என்று கேளுங்கள்: பெயரா, பின்னணியா, படமா? பல சமயம் அவர் சொல்ல வருவது "கடை அலமாரியில் பக்கத்துப் பையைவிட என் பை கண்ணில் படணும்" என்பதுதான். அதற்குப் பெயரைப் பெரிதாக்கினாலே போதுமானதாக இருக்கும்.

இன்னொரு பதில் கொஞ்சம் சங்கடமானது: "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்னு முன்னாடி பெருசா போடுங்க." எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. அதை நேராகவே எழுதி, அந்த இடத்தில் சேர்க்கையில் உண்மையாக இருப்பதைப் போடலாம் என்று சொல்லுங்கள். மாவில் உண்மையிலேயே சர்க்கரை சேர்க்கவில்லை என்றால் அந்தத் தகவலைப் போடலாமா என்று அவருடைய உரிம ஆலோசகரைக் கேட்கச் சொல்லுங்கள்.

சம்மதம் கைக்கு வந்ததும் ஒரு கடைசி மெயில். எந்த ஃபைல், என்று, யார் சரி சொன்னார், இனி என்ன மாற்றினால் கூடுதல் செலவு என்ற நான்கு வரி. எம்.ஆர்.பி., பேட்ச் எண், பேக் செய்த தேதி ஆகியவற்றுக்குக் காலி இடம் விட்டிருக்கிறோம், அவை பை நிரப்பும்போது இங்க்ஜெட்டில் அடிக்கப்படும், சிலிண்டரில் இல்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். முகவரி, போன் எண் போன்ற பின்னால் மாறக்கூடிய எழுத்தெல்லாம் கறுப்பு நிறத்தில் மட்டும் இருக்கும்படி ஃபைலை அமைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து கடை எண் மாறினால் கறுப்புச் சிலிண்டர் ஒன்றை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், மற்ற ஐந்தையும் தொட வேண்டியதில்லை.